எண்களைத் திருத்துவதா, விதியை மாற்றுவதா? ஓவர்வாட்ச் 'கோட்ஸ்' மெட்டாவை முன்வைத்து ஓர் அலசல்

தனித்தனித் திறன் கொண்ட ஹீரோக்களைத் தேர்ந்து அணியாகச் சுட்டு ஆடுவது ஹீரோ ஷூட்டர். அதில் ஒரே அணியமைப்பு எல்லாப் போட்டிகளையும் விழுங்கி 'மெட்டா' ஆகிவிட்டால், ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஹீரோக்களின் சேதம், கவசம் போன்ற எண்களைப் பேட்ச் என்னும் புதுப்பிப்பு மூலம் திருத்தலாம். அல்லது அணி அமைக்கும் விதியையே மாற்றலாம். 2019-இல் அத்தகைய ஆட்டமான ஓவர்வாட்ச் ஒரே சிக்கலுக்கு இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து பார்த்தது. அதனால் ஒப்பிடுவது எளிது.

சிக்கலின் பெயர் 'கோட்ஸ்'. 2018 மார்ச்சில் பிரிகிட்டா வந்த பிறகு உருவான அமைப்பு இது. அப்போது அணிக்கு ஆறு பேர். அவர்களில் மூவர் அடி தாங்கும் டேங்க், மூவர் குணப்படுத்தும் சப்போர்ட். எதிரிகளைச் சுட்டு வீழ்த்தும் டேமேஜ் ஹீரோ ஒருவர்கூட இல்லை. ரைன்ஹார்ட், ஸார்யா, டி.வா முன்னே நிற்க, லூசியோவும் பிரிகிட்டாவும் சுற்றி நிற்பவர்கள் எல்லோரையும் ஒரே நேரத்தில் குணப்படுத்துவார்கள். மூன்றாவது சப்போர்ட்டாக முதலில் மொய்ரா இருந்தார். பின்னர் அந்த இடத்துக்கு ஸென்யாட்டா வந்தார். ஆறு பேரும் ஒட்டி நின்றாலே வலிமை. எட்ட நின்று சுட்டு ஒருவரை வீழ்த்துவதற்குள் அவர் மீண்டுவிடுவார்.

முதல் வழி, எண்கள். 2019 ஜனவரி பேட்ச், ரைன்ஹார்ட், டி.வா, பிரிகிட்டா ஆகியோரைக் காத்த கவசத்தில் கை வைத்தது. அதுவரை கவசம் ஒவ்வொரு குண்டின் சேதத்திலும் 5 புள்ளிகளைக் கழிக்கும்; ஆனால் பாதிக்கு மேல் கழிக்காது. பேட்ச் அந்த 5-ஐ 3 ஆக்கியது. கேட்கப் பெரிய மாற்றம். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு கதை. டேமேஜ் ஹீரோவான சோல்ஜரின் குண்டுக்குச் சேதம் 19 என்றால், கவசத்தின் மீது 14 ஆக இருந்தது 16 ஆகும். ரீப்பரின் ஒரு சூட்டில் 20 சில்லுகள், கிட்ட நின்றால் சில்லுக்கு 7. ஆகவே 70 ஆக இருந்த மொத்தம் 80 ஆகும். டிரேசரின் குண்டுக்கு 6 தான். பாதி என்ற வரம்பால் முன்பும் 3, இப்போதும் 3. கோட்ஸைப் பின்னாலிருந்து குத்த வேண்டிய ஹீரோவுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை!

ரீப்பருக்குக் கூடுதல் சலுகையும் உண்டு. கொடுத்த சேதத்தில் 30 விழுக்காட்டைத் தன் உயிராக மீட்டவர், இனி 50 விழுக்காடு மீட்பார். ஆனால் அவர் நெருங்கிச் சுட வேண்டியவர். நெருங்கினால் பிரிகிட்டா கேடயத்தால் இடித்து உறைய வைப்பார், டி.வாவின் மேட்ரிக்ஸ் சில்லுகளை விழுங்கும். பிப்ரவரியில் தொடங்கிய ஓவர்வாட்ச் லீக் என்ற தொழில்முறைத் தொடரின் முதல் கட்டத்தை வான்கூவர் டைட்டன்ஸ் கோட்ஸ் ஆடியே வென்றது. இரண்டாம் கட்டத்தில் சான் பிரான்சிஸ்கோ ஷாக் அணிக்கும் அதுவே முதுகெலும்பு. வலிமை தனி ஹீரோவின் எண்ணில் இல்லை, ஆறு பேர் சேர்ந்து நிற்பதில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இருந்தும் எண்களின் வழி முழுத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஜூலையில் மூன்றாம் கட்ட இறுதியில் ஷாங்காய் டிராகன்ஸ், மூன்று டேமேஜ் ஹீரோக்களை நம்பி ஷாக்கை 4-3 என வீழ்த்தியது. முந்தைய ஆண்டு ஆடிய 40 ஆட்டங்களிலும் தோற்ற அணி அது! பேட்சுகள் திறந்துவிட்ட சிறிய சந்துகளை அணிகள் மெல்லக் கண்டுபிடிக்கத் தொடங்கியிருந்தன.

அதே மாதம் விதி மாறியது. இரண்டு டேங்க், இரண்டு டேமேஜ், இரண்டு சப்போர்ட் என்று பூட்டு. ஜூலை இறுதியில் லீக்கில், ஆகஸ்டில் சோதனையாக, செப்டம்பரில் எல்லோருக்கும். கோட்ஸ் அன்றே செத்தது, ஆடவே முடியாமல் போனது. மூன்று சப்போர்ட்டில் ஒருவராக முன்னே நின்று அடி தாங்கும் உடம்பைக் கொண்டிருந்த பிரிகிட்டாவையும் மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. வேகத்தில் விதிக்கு நிகரில்லை. ஆனால் ஷாங்காய் தேடிப் பிடித்த மூன்று டேமேஜ் அமைப்பையும் அது சேர்த்தே கொன்றது. அதே ஆகஸ்டில் சிக்மா வர, ஒரிசாவும் அவரும் இரண்டு கேடயங்களை அடுக்கும் புதிய மெட்டா பிறந்தது. சலிப்பில் கோட்ஸுக்குக் குறைவில்லை என்பது என் கருத்து. டேமேஜ் ஆட விரும்புவோர் மிகுதி, டேங்க் ஆட ஆள் குறைவு. அதனால் ஆட்டத்தில் சேர வரிசையில் காத்திருப்பு நீண்டது. 2022-இல் ஓவர்வாட்ச் 2 ஒரே டேங்க் கொண்ட ஐவர் அணிக்கு மாறியபோது, இரட்டைக் கேடயமும் விதியாலேயே முடிந்தது.

ஹீரோக்களைத் தடை செய்யும் மூன்றாவது வழியும் உண்டு. ஆனால் ஒரு ஹீரோவை எடுத்துவிட்டால், கோட்ஸ் போன்ற கூட்டணி அடுத்த ஆளைப் போட்டுக்கொள்ளும். மொய்ராவுக்குப் பதில் ஸென்யாட்டா வந்தது நினைவிருக்கும்.

எனக்குப் பிடித்தது எண்களே, ஒரு நிபந்தனையோடு. பேட்ச் வந்தபின் அணிகள் ஒருவரை மட்டும் மாற்றி அதே ஆட்டத்தைத் தொடர்கின்றனவா, அல்லது ஆடும் முறையே மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். முதலாவது என்றால் இன்னும் நான்கு பேட்ச் போட்டும் பயனில்லை, விதிக்குப் போகலாம். 2019-இல் ஜனவரிக்கும் ஜூலைக்கும் நடுவே பெரும்பாலும் முதலாவதுதான் நடந்தது. ஆனால் விதி வந்தது, இரண்டாவது தென்படத் தொடங்கிய நேரத்தில்.