முழுதாக ஒருக்களிப்பதா, 30 டிகிரி சாய்ப்பதா?

படுத்த படுக்கையாக இருப்பவரை, படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லிவிடுகிறார்கள். எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதுதான் பேச்சில் வருவதில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவை வீட்டில் பார்த்துக்கொண்டபோது இரண்டு விதமாகவும் செய்தோம். ஒன்று, சுவரைப் பார்த்து முழுதாக ஒருக்களிக்க வைப்பது. இன்னொன்று, மல்லாந்த நிலையிலிருந்து 30 டிகிரி மட்டும் சாய்த்துத் தலையணை முட்டுக் கொடுப்பது. இரவுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை.

ஒருக்களிப்பின் வசதிகள் தெரிந்தவைதான். முதுகைத் துடைக்கலாம், டயப்பர் மாற்றலாம், ஷீட்டை விரிக்கலாம். இதற்கெல்லாம் இப்போதும் அப்படித்தான் திருப்புகிறோம். ஆனால் அந்த வேலைகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மணிக்கணக்கில் அப்படியே விட்டுவைக்கும்போதுதான் சிக்கல்.

காரணம் இடுப்பின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் தொடை எலும்பின் மேல்முனை. ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பின் பாரம் பெரும்பாலும் அந்த முனையில்தான் இறங்கும். அங்கே எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் சதை மிகக் குறைவு. எலும்பும் மெத்தையும் சேர்ந்து நசுக்க, அங்கே ரத்த ஓட்டம் தடைபடும். மல்லாந்து படுத்தால் இதே பாடு வால் எலும்பை ஒட்டிய பகுதிக்கு. 30 டிகிரி சாய்வில் பாரம் இந்த இரண்டுக்கும் இடையில், புட்டத்தின் சதைப்பற்றான இடத்தில் விழுகிறது. எனக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

ஒருக்களித்துப் படுத்த ஓர் இரவுக்குப் பிறகு, காலையில் அப்பாவின் இடுப்பு முனையில் சுற்றிலும் உள்ள தோலைவிடக் கருத்த ஒரு திட்டு தெரிந்தது. தொட்டால் சூடாகவும் சற்றுக் கெட்டியாகவும் இருந்தது. வெளிர் நிறத் தோலில் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்துவிட்டு மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண்ணின் முதல் கட்டம். மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் இந்த வெளுப்பு எளிதில் கண்ணுக்குப் படாது. அதனால் பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டு நிறம், சூடு, கெட்டித்தன்மை, வலி நான்கையும் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் பாரம் படாமல் வைத்ததில் திட்டு மெல்ல மறைந்தது. அந்த மாதிரி இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. உள்ளே நசுங்கிய திசு இன்னும் கெடும்.

சாய்க்கும் விதம் இதுதான். அடியில் போட்ட மடித்த ஷீட்டைப் பிடித்துத் தூக்கித் திருப்புங்கள். உடம்பைப் பிடித்து இழுத்தால் தோல் உரசிப் பிய்யும். தோளிலிருந்து இடுப்புவரை முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. கெண்டைக்கால் முழுதும் தாங்கும்படி இன்னொன்று. குதிகால் காற்றில் நிற்க வேண்டும். ஒரு தாளின் செங்கோண மூலையை மூன்றாக மடித்தால் ஒரு மடிப்பு 30 டிகிரி. அதை ஒருமுறை பார்த்துக்கொண்டால் கை பழகிவிடும். அப்புறம் உள்ளங்கையை மேல் பார்க்க வைத்து வால் எலும்புக்குக் கீழே நுழையுங்கள். எலும்பு கையை அழுத்தக் கூடாது. கீழ்ப்பக்க இடுப்பு முனையிலும் இதே சோதனை. எங்காவது அழுத்தினால் தலையணையைச் சற்று நகர்த்துங்கள். டிகிரிக் கணக்கை விட இந்தக் கைச் சோதனையைத்தான் நான் நம்புகிறேன்.

2011இல் வெளியான அயர்லாந்து ஆய்வொன்றில், இரவில் மூன்று மணிக்கொரு முறை 30 டிகிரி சாய்த்தவர்களில் 3 சதவீதம் பேருக்கும், ஆறு மணிக்கொரு முறை முழுதாகத் திருப்பியவர்களில் 11 சதவீதம் பேருக்கும் புண் வந்தது. கோணத்தோடு இடைவெளியும் மாறியிருப்பதால் முழுப் பெருமையையும் கோணத்துக்குக் கொடுக்க முடியாது. சாய்வு முறை இடைவெளியைக் கூட்டிக்கொள்ள அனுமதி அல்ல. திருப்பும்போது அழுத்தம் பட்ட இடத்தைப் பாருங்கள். நிறம் திரும்பாமல் நின்றால் அடுத்த முறையைச் சீக்கிரமாக வையுங்கள்.

இதிலும் குறை உண்டு. அமைதியாகப் படுக்காதவர் தலையணையிலிருந்து வழுக்கி மறுபடி மல்லாந்துவிடுவார். தலையணை அமுங்கினாலும் அதே கதைதான். அப்பா அசையாமல் படுப்பவர், அதனால் எங்களுக்கு எளிதாக இருந்தது. புரண்டுகொண்டே இருப்பவருக்கு எப்படி அமையும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எச்சில் தொண்டையில் தங்குபவர், வாந்தி எடுப்பவர் ஆகியோருக்கு முழு ஒருக்களிப்புதான் பாதுகாப்பு. இடுப்பு எலும்பு அறுவை ஆனவரை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்பலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

எந்தக் கோணமானாலும் ஈரத் தோல் தாங்காது. சிறுநீரோ மலமோ பட்டால் உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லிசாகப் பூசுங்கள். பவுடர் வேண்டாம், மடிப்புகளில் கட்டியாகி உரசும். தோல் உரிந்தாலோ கொப்புளம் வந்தாலோ அதன்மேல் கொஞ்சமும் பாரம் படவிடாமல், அன்றைக்கே நர்ஸிடமோ மருத்துவரிடமோ காட்டிவிடுங்கள்.