வாட்சில் இருக்கிறது, ஆப்பில் இல்லை: இரண்டரை வருட அனுபவம்

இரண்டரை வருடமாக ஒரே ஸ்மார்ட்வாட்ச்தான் கட்டுகிறேன். ப்ளூடூத் காலிங் உள்ள நடுத்தர விலை வாட்ச். போன் ஆண்ட்ராய்டு 13. ஸ்ட்ராப்பை ஒருமுறை மாற்றினேன். ஏழு நாள் வந்த சார்ஜ் இப்போது ஐந்து நாள் வருகிறது. வாட்சைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, படுத்தியதெல்லாம் அதன் ஆப்தான்.

வாங்கி ஆறு மாதம் இருக்கும். காலை நடையை முடித்து வந்து பார்த்தால் வாட்சில் 6,240 அடிகள், ஆப்பில் பூஜ்யம். தூக்கக் கணக்கும் நான்கு நாளாகக் காலி. ஆனால் போனின் ப்ளூடூத் பட்டியலில் வாட்ச் பெயருக்குக் கீழே Connected என்று இருந்தது. அது என்னை நன்றாகவே ஏமாற்றிவிட்டது. காலிங் வாட்சுகளில் போனுடன் இரண்டு தனித்தனி இணைப்புகள் உண்டு. குரலுக்குப் பழைய வகை ப்ளூடூத், அடிகள், இதயத்துடிப்பு போன்றவற்றுக்குக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் BLE. பட்டியலில் நான் பார்த்தது குரலுக்கான இணைப்பு. டேட்டாவுக்கான இணைப்பு அறுந்துதான் கிடந்தது.

அது தெரியாமல் ஆப்பில் வாட்சை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தேன். என் வாட்ச் உட்படப் பல மாடல்களில், ஆப்பிலிருந்து நீக்கினால் வாட்ச் தன்னையே ரீசெட் செய்துகொள்ளும். போனுக்கு வராமல் வாட்சுக்குள் காத்திருந்த நான்கு நாள் கணக்கும் அத்தோடு போனது. அதனால் மறுபடி இணைப்பதை இப்போது கடைசி வேலையாகத்தான் வைத்திருக்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். ஆப்பைத் திறந்து, முகப்பைக் கீழே இழுத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். டேட்டா வந்துவிட்டால் இணைப்பும் அனுமதியும் சரியாக உள்ளன, ஆப்பைப் பின்னணியில் ஓடவிடாமல் போன் நிறுத்துகிறது என்று அர்த்தம். திறந்து வைத்தும் வரவில்லை என்றால் அனுமதியையோ இணைப்பையோ சந்தேகிக்கலாம்.

போன வருடம் எனக்கு வந்தது முதல் வகை. சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகு, ஆப்பைத் திறந்தால் மட்டும் கணக்கு ஏறியது. அதற்கு முன்பே ஓர் அறிகுறி இருந்தது: வாட்ஸ்அப் மெசேஜ் வந்தும் வாட்ச் அதிரவில்லை. நோட்டிபிகேஷனையும் அதே ஆப்தான் வாட்சுக்குத் தள்ளுகிறது, அது ஓடாவிட்டால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். ஆப்பின் பேட்டரி அமைப்பு அப்டேட்டில் Optimized ஆக மாறியிருந்தது. Unrestricted ஆக்கினேன். அதுமட்டும் போதவில்லை. என் போனில் ஆப் தானாகத் தொடங்குவதற்கு Autostart என்று தனியாக ஒரு அமைப்பு இருக்கிறது, அதையும் இயக்கிய பிறகுதான் பிரச்சினை நின்றது. சமீபத்திய ஆப்களை மொத்தமாகத் துடைத்துத் தள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. சில போன்களில் அப்படித் தள்ளினால் ஆப்பின் பின்னணி வேலையும் செத்துவிடும். எனவே அந்தத் திரையில் இந்த ஆப்புக்குப் பூட்டு போட்டு வைத்திருக்கிறேன். இதனால் சார்ஜ் பெரிதாகக் குறைந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் வகையைப் பார்த்தது அப்பாவின் போனில். அவர் வாட்சை மட்டும்தான் பார்ப்பார், ஆப்பைத் தொடவே மாட்டார். நான்கு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது திறந்தால் மொத்தமும் வெறுமை. கீழே இழுத்தாலும் அசையவில்லை. சில மாதங்கள் திறக்கப்படாத ஆப்பின் அனுமதிகளை ஆண்ட்ராய்டு தானாகவே திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 12 முதல் வாட்சோடு பேசுவதற்கான அனுமதி Nearby devices என்ற பெயரில் இருக்கிறது. அது இல்லாமல் ஆப்பால் வாட்சைத் தொடவே முடியாது. அதைக் கொடுத்ததும் கணக்கு வந்தது, ஆனால் கடைசி ஏழு நாளுக்கு மட்டும். அவர் வாட்சின் நினைவகம் அவ்வளவுதான் தாங்கும். அதற்கு முந்தைய மாதங்களின் இதயத்துடிப்புப் பதிவு போனது போனதுதான். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு, டாக்டரிடம் காட்ட அது வேண்டியிருந்தது. ஆப் தகவல் பக்கத்தில் Pause app activity if unused என்பதை அப்போதே அணைத்துவிட்டேன்.

இதெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் மறுபடி இணைக்கத்தான் வேண்டும். வரும் டேட்டா வந்து சேர்ந்த பிறகு, வாட்சை ஆப்பில் நீக்குங்கள். அப்புறம் போனின் ப்ளூடூத் பட்டியலில் அதன் பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டையும் Forget செய்துவிட்டு, போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சேர்ப்பதை ஆப்புக்குள்ளிருந்தே தொடங்க வேண்டும், ப்ளூடூத் பட்டியலிலிருந்து அல்ல. வீட்டில் பழைய போன் இருந்தால் அதன் ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள். வாட்ச் அதைப் பிடித்துக்கொண்டால் புதிய போனின் தேடலில் தெரியாது.

அப்பாவிடம் வாரம் ஒருமுறையாவது ஆப்பைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு காலை போன் செய்கிறபோது, திறந்து கீழே இழுத்துவிட்டு, "வந்துருச்சுப்பா" என்கிறார்.