ஃப்ரிட்ஜா, ஃப்ரீசரா? ஒரு வாரச் சமையலை எதில் வைப்பது

ஞாயிறன்று மொத்தமாகச் சமைத்தாயிற்று. இனி?

நாள்: ஃப்ரிட்ஜில் (4 டிகிரிக்குள்) பருப்பும் சிக்கனும் 3 நாள் தாங்கும், சோற்றை மறுநாளே முடித்துவிடுவது நல்லது. ஃப்ரீசரில் (-18) வாரம் முழுக்கக் கவலையில்லை.

சோறு: வெந்த பிறகும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் பிழைத்திருக்கும். வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சு கக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது, வாசனையும் காட்டிக்கொடுக்காது. எதில் வைத்தாலும் தட்டையான டப்பாவில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே தள்ளுங்கள்.

சூடாக்கல்: ஃப்ரிட்ஜ் உணவு சட்டென்று சூடாகும், ஃப்ரீசர் சிக்கனை முந்தைய இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றணும். இரண்டிலும் நடுப்பகுதி 74 டிகிரி தொடணும். ஓரத்தில் கொதிக்கும் பருப்பை நம்பாதீர்கள், கிளறுங்கள்.

புதன் வரைக்குமான பருப்பு, சிக்கனுக்கு ஃப்ரிட்ஜ். அதற்குப் பிந்தியவையும், திங்களுக்கு மேற்பட்ட சோறும் ஃப்ரீசருக்கு.