17,500 ரூபாய் என்று பேசிய பிறந்தநாள், 29,193 ரூபாய்க்கு வந்து நின்ற கதை

எங்கள் மகளுக்குச் சென்ற மாதம் ஐந்து வயது நிறைந்தது. சென்னையில் மூன்றாம் மாடி வாடகை வீடு, லிஃப்ட் கிடையாது. கூடம் பெரிது என்பதால் வீட்டிலேயே கொண்டாடலாம் என்று முடிவு செய்தோம். கேக்கை நாங்களே சொல்லிவிட்டோம். அலங்காரம், சிற்றுண்டி, ரிட்டர்ன் கிஃப்ட், மேஜிக் ஷோ நான்கையும் சேர்த்து ஒருவரே செய்து தருவதாகச் சொன்னார். 25 பேருக்கு 17,500 ரூபாய். "எல்லாம் அடக்கம் அக்கா, நீங்கள் கேக் வெட்டினால் போதும்" என்றார். அந்த 'எல்லாம் அடக்கம்' என்ற சொல்லை நம்பி 10,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். பேசியது முழுக்கத் தொலைபேசியில். எழுத்தில் ஒரு வரி இல்லை.

விழா முடிந்த இரவு ஏழரை மணிக்குச் சமையலறை வாசலில் நின்றுகொண்டு அவர் ஒரு தாளை நீட்டினார். அப்போது அக்கா போய் மேடம் வந்துவிட்டது. கூடுதல் பிளேட் பதினெட்டு, ஒன்றுக்கு 180 வீதம் 3,240. கூடுதல் நேரம் ஒரு மணி, 2,000. மாடி ஏற்றுக்கூலியும் வண்டி வாடகையும் 1,200. ஸ்டாண்டு சேதம் 800. இவற்றோடு 17,500-ஐக் கூட்டி, அதன் தலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டு, மொத்தம் 29,193. கூடத்தில் விருந்தினர் இன்னும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். குரலை உயர்த்த முடியாத நேரம் பார்த்துத்தான் அந்தத் தாள் வெளியே வந்தது.

முதலில் பிளேட் கணக்கு. இதில் என் தவறும் உண்டு, மறைக்கவில்லை. 22 குழந்தைகளை அழைத்திருந்தேன். எல்லோரும் வரமாட்டார்கள் என்று 25 போதும் என நினைத்தேன். வந்தது 18 குழந்தைகள்தான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையை யாரும் தனியாக அனுப்புவதில்லை. கூடவே அம்மா, அப்பா, பாட்டி என்று பெரியவர்கள் 15 பேர், தம்பி தங்கைகள் நால்வர், எங்கள் உறவினர் ஆறு பேர். ஆக 43. வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு உட்கார வைப்போமா? இது எனக்குத் தெரியாவிட்டாலும் வாரம் இரண்டு விழா செய்யும் அவருக்குத் தெரியாமல் இருக்காது. எண்ணிக்கையைக் குறைத்துப் பேசி மொத்த விலையை மலிவாகக் காட்டுவதும், நிச்சயம் கூடப்போகிற பிளேட்டுக்குத் தனி விலை வைப்பதும்தான் இதில் உள்ள சூட்சுமம். அந்தப் பிளேட்டில் இருந்தது ஒரு சமோசா, ஒரு கட்லெட், கொஞ்சம் சிப்ஸ், பத்து ரூபாய் ஜூஸ் டப்பா. எங்கள் தெருமுனைக் கடையில் பிறகு விசாரித்தேன். காகிதத் தட்டோடு சேர்த்து 60 ரூபாய்க்குள் அடங்குகிறது.

அடுத்தது நேரம். மேஜிக் ஷோ இரண்டு மணி நேரம், நான்கிலிருந்து ஆறு என்று பேச்சு. அழைப்பிலும் நான்கு மணி என்றே போட்டிருந்தோம். நம் ஊரில் நான்கு என்றால் ஐந்தேகால். அந்தத் தம்பி சரியாக நான்குக்கு வந்து பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வித்தை தொடங்கியது 5.15. கயிறு, கைக்குட்டை, காசு என்று நாற்பது நிமிடத்தில் வித்தைகள் தீர்ந்தன. பிறகு பாட்டுப் போட்டு நாற்காலி விளையாட்டு, ஏழு மணி வரை. வந்து காத்திருந்த நேரமும் அவர்கள் கணக்கில் ஓடுகிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்னொன்று, முன்பு எனக்கு அனுப்பிய வீடியோவில் இருந்தவர் நடுத்தர வயதுக்காரர். வந்தது கல்லூரிப் பையன் ஒருவர். கேட்டால், "எங்கள் டீம்தான் மேடம்."

ஸ்டாண்டு விஷயத்தில்தான் எனக்குப் பொறுமை போனது. பலூன் கட்டிய வட்டக் கம்பியைப் பிள்ளைகள் பிடித்துத் தொங்கி வளைத்துவிட்டார்கள் என்றார். நான் குனிந்து பார்த்தேன். வளைந்த இடத்தில் வெள்ளைப் பெயின்ட் உதிர்ந்து, உள்ளே துரு பழுப்பேறிக் கிடந்தது. "இன்று மாலை வளைந்த கம்பி அதற்குள் துருப்பிடித்துவிட்டதா தம்பி?" என்று கேட்டேன். பதில் இல்லை.

என் மாமியார் அதற்குள் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார். பலூன்களைக் கழற்றும்போதே ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார். 300 என்று பேசியது. வெடித்தவற்றின் முடிச்சுகளையும் சேர்த்து 134. முன்பக்கம் மட்டும் நெருக்கமாக ஒட்டி, பின்னால் வெற்றுச் சுவர். "கல்யாணத்தில் தாம்பூலப் பையையே எண்ணித்தான் இறக்குவோம், இவள் எண்ணாமல் வாங்கியிருக்கிறாள்" என்று எனக்கும் ஒரு குட்டு விழுந்தது. ரிட்டர்ன் கிஃப்டையும் அவர்தான் பிடித்தார். 25 பென்சில் பெட்டிக்கு விலை பேசியது, 22 குழந்தைகளுக்குக் கொடுத்தது போக மீதி மூன்று விழா செய்து தந்தவரின் பைக்குள் திரும்பிப் போயிருந்தது! எடுத்து வெளியே வைக்கச் சொன்னோம். மூன்றிலும் விலை ஒட்டியிருந்த இடம் சுரண்டப்பட்டிருந்தது. அதே பெட்டியைப் பிறகு பாரிமுனையில் 70 ரூபாய்க்குப் பார்த்தேன்.

வரிக் கணக்கை உடைத்தது என் கணவர். பதிவு எண்ணைத் தாளில் எழுதிக் கொடுங்கள் என்றார், அவ்வளவுதான். ஜிஎஸ்டி எண் என்பது எண்ணும் எழுத்துமாக 15 இலக்கம் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவானது 33 என்று தொடங்கும். பதிவு செய்யாதவர் அந்த வரியை நம்மிடம் வசூலிக்கவே கூடாது. "பில் பிறகு வாட்ஸ்அப்பில் வரும் சார்" என்றவர், எண் வந்தபிறகு வரியைத் தருகிறோம் என்றதும் தானே தாளில் 4,453 ரூபாயைக் கோடு போட்டு அடித்துவிட்டார். கம்பிக்கான 800-ம் போயிற்று. இழுபறிக்குப் பிறகு 23,940-க்கு முடிந்தது. மாடிக்கூலியை விடமாட்டேன் என்றார்; மூன்றாம் மாடி என்று முதல் நாளே சொல்லியிருந்தும், அதற்கு என்னிடம் சாட்சி இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம் என்று எடுத்த கைபேசியைக் கீழே வைத்துவிட்டேன். முன்பணம் அனுப்பிய ரசீதைத் தவிர நான் காட்ட எதுவுமே இல்லை.

மறுவாரம் ஆத்திரம் அடங்காமல் தனித்தனியாக விலை விசாரித்தேன். சிற்றுண்டி 45 பேருக்கு 2,700, பென்சில் பெட்டி 25-க்கு 1,750, பக்கத்துத் தெரு அலங்காரக்காரர் 4,000, மேஜிக் செய்பவர் 3,500. மொத்தம் 12,000-க்குள் நிற்கிறது. ஒருவரிடமே ஒப்படைத்தால் அலைச்சல் மிச்சம்தான். அதற்காக நான் இன்னொரு 12,000 கொடுத்திருக்கிறேன்.

மகனுக்கு அடுத்த மாதம் பிறந்தநாள். இந்த முறை குழந்தை எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, வீட்டு ஆட்களைச் சேர்த்துப் பிளேட் சொல்லியிருக்கிறேன். மேஜிக் செய்பவரிடம் நேரம் எப்போதிலிருந்து ஓடும் என்று கேட்டேன். "முதல் வித்தையிலிருந்து 90 நிமிடம்மா. நான்தான் வருவேன், வேறு ஆள் வராது. மூன்றாம் மாடிக்குத் தனிக் காசு வேண்டாம், என் பெட்டி ஒன்றுதானே" என்றார். அதையே எழுதி அனுப்புங்கள் என்றேன். ஐந்து நிமிடத்தில் எழுத்துப் பிழைகளோடு வந்து சேர்ந்தது.