பெட்டிச் சீட்டில் MAA என்று இருந்தது, நான் பார்க்கவில்லை: 27,400 ரூபாய் போயிற்று

துபாயில் இருக்கும் மகள் வீட்டிற்கு வந்து இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. என் பெட்டி நேற்றுதான் கைக்கு வந்தது. அதற்குள் 27,400 ரூபாய் செலவாகிவிட்டது.

பாளையங்கோட்டையில் ஒரு டிக்கெட் ஏஜென்சியில் தூத்துக்குடி–சென்னை–துபாய் பயணத்திற்குப் பணம் கட்டினேன். "அண்ணாச்சி, வாகைகுளத்தில் பெட்டியைப் போட்டால் துபாயில்தான் எடுப்பீர்கள், நடுவில் தொடவே வேண்டாம்" என்று அங்கிருந்த தம்பி சொன்னார். எங்கள் தெருக்காரப் பையன் என்பதால் மறுபேச்சுப் பேசாமல் நம்பினேன். இரண்டு போர்டிங் பாஸையும் அவரே எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவை இரண்டிலும் வேறு வேறு PNR எண்கள் இருந்ததை நான் கவனிக்கவில்லை. வேறு வேறு விமான நிறுவனங்களில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு டிக்கெட்டுகளை எடுத்து, ஒரே டிக்கெட் என்று சொல்லித் தந்திருக்கிறார்கள்.

அப்படி இருந்தால் முதல் விமானக்காரர் பெட்டியைத் தம் டிக்கெட் முடியும் ஊர் வரைக்கும்தான் பொதுவாகப் பதிவு செய்வார். கவுண்டரில் ஒட்டித் தந்த சிறு சீட்டில் MAA, அதாவது சென்னை, என்று மட்டும் இருந்தது. துபாய் வரை பதிவாகியிருந்தால் DXB என்பது பெரிய எழுத்தில் இருக்கும், நடுவில் மாறும் ஊராக MAA தனியே இருந்திருக்கும். பெட்டி சென்னை உள்நாட்டு முனையத்தின் பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்க, நான் வெறுங்கையோடு குடியேற்றச் சோதனை முடித்து விமானம் ஏறிவிட்டேன்.

துபாயில் புகார் கொடுத்தபோது, பெட்டி எங்களிடம் தரப்படவே இல்லை என்றது இரண்டாவது நிறுவனம். சென்னையோடு எங்கள் பொறுப்பு முடிந்தது என்றது முதல் நிறுவனம். ஏஜென்சியில் முதல் நாள் "பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள், மறுநாள் "ஓனர் வரட்டும்" என்றார்கள், மூன்றாம் நாள் "கவுண்டரில் நீங்கள்தானே கேட்டிருக்க வேண்டும்" என்றார்கள். மாற்றுத்துணிக்கும் மருந்துக்கும் 14,600, சென்னையில் மருமகன் பெட்டியை மீட்டு அனுப்பிய செலவு 12,800, ஆக 27,400 ரூபாய். பேத்திக்காக வாங்கிய அல்வா கெட்டுப்போனது தனி.

போகிறவர்கள் கவுண்டரை விட்டு நகரும் முன் சீட்டைப் படியுங்கள். நீங்கள் இறங்கும் கடைசி ஊரின் குறியீடு இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள். TRV திருவனந்தபுரம், TRZ திருச்சி. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஊர் திரும்பும்போது சீட்டில் TCR, அதாவது தூத்துக்குடி, என்று இருந்தாலும், சுங்கச் சோதனைக்காகப் பெரும்பாலும் சென்னையிலேயே பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டில் உள்ள 10 இலக்க எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். பெட்டியைத் தேட அந்த எண்தான் உதவும். ஏஜென்சிக்கு இன்று காலையும் போன் செய்தேன், எடுக்கவில்லை.