பி-ட்ரீயா, பிட்மேப்பா? ஒரே கேள்வியை இரண்டிடமும் கேட்டுப் பார்ப்போம்

ஆர்டர் டேபிள் ஒன்றில் 1 கோடி வரிசைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மண்டலம் என்ற நெடுவரிசையில் 8 மதிப்புகள், பணம் செலுத்திய வழியில் 4, ஆர்டரின் நிலையில் 5. மதிப்புகள் ஏறக்குறையச் சமமாகப் பரவிக் கிடக்கின்றன. கேள்வி இது:

```sql
SELECT COUNT(*)
FROM orders
WHERE region = 'EAST'
  AND pay_mode = 'CARD'
  AND status = 'RETURNED';
```

விடை 8 × 4 × 5, அதாவது 160-இல் ஒரு பங்கு: சுமார் 62,500 வரிசைகள். அதை எந்த இண்டெக்ஸ் குறைந்த வேலையில் எடுத்துக் கொடுக்கிறது என்பதுதான் இங்கே போட்டி.

ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனித்தனி பி-ட்ரீ இருந்தால், அதன் இலைகளில் ஒவ்வொரு மதிப்போடும் அந்த வரிசை இருக்கும் முகவரி எழுதப்பட்டிருக்கும். ஆரக்கிளின் சாதாரண டேபிளிலும் போஸ்ட்கிரெஸிலும் அந்த முகவரிக்கு 6 பைட். 'EAST' என்பதற்கு 12.5 லட்சம் முகவரிகள், 'CARD' என்பதற்கு 25 லட்சம், 'RETURNED' என்பதற்கு 20 லட்சம். மதிப்பையும் பிற கூடுதல் செலவையும் விட்டுவிட்டு முகவரிகளை மட்டும் கணக்கிட்டாலே 34.5 எம்பி வாசிக்க வேண்டும். வாசித்த பிறகு மூன்று பட்டியல்களிலும் பொதுவாக இருப்பதைக் கண்டுபிடிக்கும் வேலை தனி.

பிட்மேப் இண்டெக்ஸ் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி முகவரியை எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு மதிப்புக்கும் 1 கோடி பிட் நீளத்தில் ஒரு சரம். அந்த மதிப்பு உள்ள வரிசைக்கு நேராக 1, இல்லாத இடத்தில் 0. ஒரு சரத்துக்கு 1.25 எம்பி. நம் கேள்விக்கு மூன்று சரங்கள் போதும்: 3.75 எம்பி. அவற்றை ஒன்றோடொன்று AND செய்கையில் பிராசசர் ஒரே கட்டளையில் 64 வரிசைகளைச் சோதித்துவிடுகிறது. ஒரு சரம் 1,56,250 துண்டுகள், இரண்டு AND என்றால் 3 லட்சத்துச் சொச்சம் செயல்கள்தான். மிஞ்சிய 1-களை எண்ணினால் அதுவே விடை. டேபிளைத் தொடவே வேண்டாம்.

மதிப்புகள் குறைவாக உள்ள நெடுவரிசைக்கே இது ஏன் பொருந்துகிறது என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. முகவரி 6 பைட் என்றால் 48 பிட். சுருக்காத பிட்மேப்பில், நெடுவரிசையில் எத்தனை மதிப்புகள் உண்டோ அத்தனை பிட்கள் ஒவ்வொரு வரிசைக்கும் செலவாகும். ஆகவே 48 மதிப்புகளில் இரண்டின் அளவும் சமம். மண்டலத்துக்கு 8 பிட். லாபம் ஆறு மடங்கு. 10,000 மதிப்புள்ள நெடுவரிசைக்கு 12.5 ஜிபி, யாரும் அப்படிச் சேமிக்க மாட்டார்கள்.

ஆனால் 48 என்பதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மதிப்புகள் பெருகப் பெருக ஒவ்வொரு சரத்திலும் நீண்ட 0 தொடர்கள் வருகின்றன, அவை நன்றாகச் சுருங்கும். ரோரிங் என்ற முறை வரிசைகளை 65,536 கொண்ட தொகுதிகளாகப் பிரிக்கிறது. ஒரு தொகுதியில் 4,096 வரை மட்டுமே 1-கள் இருந்தால் பிட்களை விட்டுவிட்டு இடங்களை 16 பிட் எண்களாக எழுதுகிறது. அந்த எல்லையில் இரண்டும் சரியாக 8 கேபி, அதனால்தான் 4,096. இப்படிச் சுருக்குவதால் சில ஆயிரம் மதிப்புகள் வரைகூட அளவு கட்டுக்குள் நிற்கும். பலன் குறைவது வேறு இடத்தில்: 'இந்த மதிப்பிலிருந்து அந்த மதிப்பு வரை' என்று கேட்டால் நூற்றுக்கணக்கான சரங்களை OR செய்ய வேண்டிவரும்.

பி-ட்ரீ தரப்புக்கும் ஒரு வலுவான ஆயுதம் உண்டு, அதை மறைத்து ஒப்பிடுவது நியாயமில்லை. மூன்று நெடுவரிசைகளையும் சேர்த்து ஒரே கூட்டு இண்டெக்ஸ் போட்டால் நேராக அந்த 62,500 முகவரிகளுக்கே போய்விடலாம். முகவரிகள் மட்டும் 375 கேபி. பிட்மேப் தோற்றுப்போகிறது! தினமும் இதே கேள்விதான் வரும் என்றால் தயங்காமல் கூட்டு பி-ட்ரீ போடுங்கள். பகுப்பாய்வில் அப்படி நடப்பதில்லை. இன்று மண்டலமும் நிலையும், நாளை பணம் செலுத்திய வழியும் மாதமும். ஆறு நெடுவரிசைகளில் 63 சேர்க்கைகள் சாத்தியம். முதல் நெடுவரிசை கேள்வியில் வராவிட்டால் கூட்டு இண்டெக்ஸ் பெரும்பாலும் பயன் இழக்கிறது. ஆறு பிட்மேப்களோ 63-க்கும் போதும். என் பார்வையில் பிட்மேப்பின் உண்மையான வலிமை அளவுச் சிக்கனத்தைவிட இதில்தான் இருக்கிறது.

இப்போது கேள்வியை COUNT-இலிருந்து மாற்றி, அந்த ஆர்டர்களின் தொகையைக் கூட்டச் சொல்வோம். இண்டெக்ஸில் தொகை இல்லை, டேபிளுக்குப் போயே ஆக வேண்டும். ஒரு பிளாக்கில் 100 வரிசைகள் என்றால் டேபிள் 1 லட்சம் பிளாக்குகள். 62,500 வரிசைகள் சிதறிக் கிடந்தால் சுமார் 46,000 பிளாக்குகளைத் தொட வேண்டும், கிட்டத்தட்டப் பாதி டேபிள். இதற்கு முழு டேபிளையும் தொடர்ச்சியாக வாசிப்பதே வேகமாக இருக்கக்கூடும். மாதம் என்ற நான்காவது நிபந்தனை சேர்ந்தால் வரிசைகள் 5,200 ஆகும், பிளாக்குகள் 5,100-க்குள் அடங்கும். அப்போது இண்டெக்ஸ் தெளிவாக வெல்லும். இரண்டே மதிப்புள்ள ஒற்றை நெடுவரிசைக்குப் பிட்மேப் போட்டுவிட்டு வேகம் வரவில்லையே என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்: பாதி வரிசைகள் பொருந்தினால் எந்த இண்டெக்ஸாலும் பிளாக்குகளைக் குறைக்க முடியாது. மற்ற நிபந்தனைகளோடு சேரும்போதுதான் அந்தப் பிட்மேப் உழைக்கும்.

எழுதும் பக்கத்தில் பி-ட்ரீயோடு பிட்மேப் போட்டியிடவே முடியாது. ஆரக்கிளில் ஒரு பிட்மேப் பதிவு, தொடக்க முகவரியிலிருந்து இறுதி முகவரி வரை பல வரிசைகளுக்குப் பொதுவானது. ஒருவர் ஒரு ஆர்டரின் நிலையை மாற்றினால் பழைய மதிப்புக்கும் புதிய மதிப்புக்கும் உரிய இரண்டு பதிவுகளும் பூட்டப்படும்; அந்த எல்லைக்குள் வேறொரு ஆர்டரில் அதே மதிப்புகளைத் தொடுபவர் முதலாமவர் கமிட் செய்யும்வரை காத்திருக்க வேண்டும். `enq: TX - row lock contention` என்ற காத்திருப்பு மோடு 4-இல் வந்து, யாரும் ஒரே வரிசையைத் தொடவில்லை என்றால் பிட்மேப்பைச் சந்தேகிக்கலாம். `ORA-00060` டெட்லாக் பிழையும் இப்படி வரும். நேரலைப் பரிவர்த்தனை டேபிளில் பிட்மேப் வேண்டாம். இரவில் மொத்தமாகத் தரவு ஏற்றும் தரவுக் கிடங்கில் ஏற்றும் முன் இண்டெக்ஸை முடக்கி, பிறகு திரும்பக் கட்டுவதே வழக்கம்.

போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துபவர்கள் `Bitmap Heap Scan` என்று குவெரித் திட்டத்தில் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது பி-ட்ரீகளிலிருந்து குவெரி ஓடும்போது நினைவகத்தில் கட்டப்படும் தற்காலிகப் பிட்மேப். சேர்க்கைச் சிக்கலை அது ஓரளவு தீர்க்கிறது, ஆனால் அந்த 34.5 எம்பி முகவரிகளை வாசிக்கும் செலவு பெருமளவு மிஞ்சும்.

நெடுவரிசை வாரியாகச் சேமிக்கும் தரவுத்தளத்தில் இடைவெளி சுருங்குகிறது. அங்கே 8 மதிப்புகளை 3 பிட்டிலும், 4-ஐ 2 பிட்டிலும், 5-ஐ 3 பிட்டிலும் குறிக்கலாம்: மூன்றும் சேர்ந்து வரிசைக்கு 1 பைட். இண்டெக்ஸே இல்லாமல் முழுவதையும் அலசினாலும் 10 எம்பிதான். பிட்மேப்பின் 3.75 எம்பி அதைவிடக் குறைவு; ஆனால் அந்த வித்தியாசத்துக்காகத் தனியாக ஓர் இண்டெக்ஸைக் கட்டிப் பராமரிக்க நான் பெரும்பாலும் பரிந்துரைக்க மாட்டேன். வரிசை வாரியாகச் சேமிக்கும் கிடங்கு என்றால் முதலில் போடுவது பிட்மேப்பைத்தான்.