அரிசி ஆலை: மூவருக்கும் சமபங்கா, நடத்துபவருக்கே முழுதுமா?

அப்பா தன் ஆலையை மூன்று பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்பதே கேள்வி. மூத்த மகன் ஆலையை நடத்துகிறார், மகள் மருத்துவர், இளைய மகன் மென்பொருள் வேலையில். இயந்திரம், இருப்பு, வர வேண்டிய பாக்கியில் கடன் போக நிற்பது 1.2 கோடி, ஆலை நிலம் 1.2 கோடி, வீடு 1.2 கோடி என்று வைத்துக்கொள்வோம். சமபங்கு என்றால் ஆலை மூவரின் கூட்டாகும். ஒருவருக்கே என்றால் ஆலைத் தொழில் மூத்தவருக்கு, வீடு மகளுக்கு, நிலம் இளையவருக்கு.

செலவு
சமபங்கு: ஆலைத் தொழிலுக்குக் கூட்டுப் பத்திரம் ஒன்று போதும்; நிலமும் வீடும் பெயர் மாறினால் பதிவு தனி.
ஒருவருக்கே: மதிப்பீடு, நிலத்துக்கும் வீட்டுக்கும் தனித்தனிப் பதிவு. கை கடிக்கும்.

உழைப்புக்குக் கூலி
சமபங்கு: 1932 கூட்டாண்மைச் சட்டப்படி, பத்திரத்தில் எழுதாவிட்டால் மூத்தவர் சம்பளம் கேட்க முடியாது, லாபமும் மூன்றாகவே பிரியும். மனக்கசப்பு இங்கேதான் தொடங்குகிறது.
ஒருவருக்கே: லாபமும் நட்டமும் அவருடையவை.

கடன்
சமபங்கு: ஆலைப் பக்கமே வராத மகளின் சொந்தச் சொத்தும் ஆலைக் கடனுக்குப் பொறுப்பு. பெரும்பாலான பெற்றோர் இதை யோசிப்பதே இல்லை.
ஒருவருக்கே: வீடு பெறும் மகளுக்கும் நிலம் பெறும் இளையவருக்கும் ஆலைக் கடனில் பொறுப்பில்லை. ஆனால் நிலம் வங்கி அடமானத்தில் இருந்தால் முதலில் அதை மீட்க வேண்டும். இல்லையேல் அண்ணன் கடனுக்குத் தம்பி நிலம் ஏலம் போகலாம்.

நீடிப்பு
சமபங்கு: காலவரை எழுதாத கூட்டை ஒருவரின் அறிவிப்பே கலைத்துவிடும்.
ஒருவருக்கே: தம்பி நிலத்தை விற்றால் ஆலை நிற்கும். அதனால் 15 வருடக் குத்தகையை, வாடகை உயர்வு விகிதத்தோடு, அப்பா இருக்கும்போதே பதிவு செய்யுங்கள்.

மூவரும் தினமும் ஆலைக்கு வருவதானால் சமபங்கு சரி. ஒருவர் மட்டுமே என்றால் இரண்டாவது வழிதான். வேறு சொத்தே இல்லாத குடும்பம், மற்ற இருவரின் பங்கை மூத்தவர் தவணையில் கொடுத்து முடிக்கும்படி எழுதலாம்.